சொட்ட வேண்டிய தண்ணீர்

"கசிவு நிற்கும்வரை கிளாண்டு நட்டுகளை இறுக்கவும்."

தண்ணீர் இறைக்கும் பம்பின் கையேட்டை மொழிபெயர்த்த பயிற்சியாளர் ஒருவர் எழுதிய வரி இது. கிளாண்டைச் சரிசெய்து கசிவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது ஆங்கில மூலம். தமிழில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படித்ததும் புரிகிறது. ஆனால் ஒரு மெக்கானிக் இதை அப்படியே செய்தால் பம்புக்குள் இருக்கும் கயிறு கருகிவிடும்.

தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு பழகுகிறவர்களுக்கு மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய சிறிய உரை முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே போனது. "அகராதியை அப்புறம் திறங்க. முதல்ல பம்பைத் திறந்து காட்டுற படத்தைப் பாருங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

அந்தப் படம் பம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டுவது. உள்ளே இம்பெல்லர் சுழல்கிறது. அதைச் சுழற்றும் ஷாஃப்ட் பம்பின் உடலைத் துளைத்து வெளியே வந்து மோட்டாரோடு சேர்கிறது. சுழலும் ஷாஃப்டுக்கும் நிற்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். அதன் வழியே தண்ணீர் வெளியே வரப் பார்க்கும். அதைத் தடுக்கச் சதுர வடிவப் பின்னல் கயிற்றை வளையம் வளையமாக வெட்டி அடுக்கி, மேலே கிளாண்டு என்ற மூடியை வைத்து நட்டுகளால் அழுத்துகிறார்கள்.

கயிறு அசையாது. அதற்குள் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1,450 அல்லது 2,900 சுற்று வேகத்தில் உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசலின் சூட்டைத் தணிப்பதும், வழுக்கல் தருவதும் நடுவே ஊறி வெளியேறும் தண்ணீர்தான். ஆகவே கிளாண்டு சொட்டுவது பழுதல்ல, சொட்டத்தான் வேண்டும். நடுத்தர அளவுப் பம்புக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி.

முழுக்க இறுக்கினால் என்ன ஆகும்? சில நிமிடங்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். பிறகு கிளாண்டு கைவைக்க முடியாதபடி சுடும், மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறும், கருகல் வாடை வரும். காய்ந்து இறுகிய கயிறு ஷாஃப்டின் மேலுறையில் பள்ளம் போடும். அதன்பின் முன்பைவிட அதிகமாக ஒழுகும். புதுக்கயிறு போட்டாலும் பள்ளத்தின் வழியே ஒழுகுவது நிற்காது. மேலுறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

கயிறு தயாரிப்பவர்கள் தரும் குறிப்புத்தாளைப் படித்தவருக்கு, 'கட்டுப்படுத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று தெரியும். முதலில் நட்டுகளை விரலால் மட்டும் திருகி, பம்பை ஓடவிட்டு, தாராளமாகக் கசிய விடவேண்டும். பிறகு இரண்டு நட்டுகளையும் சமமாக, ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, கயிறு படிவதற்குப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு நட்டை மட்டும் இறுக்கினால் கிளாண்டு சாய்ந்து ஷாஃப்டில் உரசும்.

"அப்ப சொட்டவே இல்லைன்னா ரொம்ப இறுக்கிட்டாங்கன்னு அர்த்தமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார்.

"எப்பவும் அப்படி இல்லைம்மா" என்றார் அவர். கீழே கிணற்றிலிருந்து உறிஞ்சும் பம்பில், கயிறு இருக்கும் இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகலாம். அப்போது தண்ணீர் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். பம்பு தரும் தண்ணீர் குறையும், விட்டுவிட்டு வரும். அதனால்தான் சில பம்புகளில் கயிற்று வளையங்களுக்கு நடுவே துளையிட்ட உலோக வளையம் ஒன்றை வைத்து, அழுத்தமுள்ள பக்கத்திலிருந்து சிறு குழாயில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். படத்தில் அந்தக் குழாயைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர், அதைப் பற்றிய வரி வரும்போது தடுமாறத்தான் செய்வார்.

எனக்குப் பிடித்தது அடுத்து அவர் காட்டிய பக்கம். அதே கையேடு இன்னொரு மாடலுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. அதில் கயிறு கிடையாது, மெக்கானிக்கல் சீல். வழவழப்பாகத் தேய்த்த இரண்டு வளைய முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுழலும் அமைப்பு அது. அங்கே கண்ணுக்குத் தெரிந்து தொடர்ந்து சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். இறுக்க நட்டும் இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்திலும் கசிவுக்கு ஒரே சொல்தான்.

உரை முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் தன் வரியை இப்படி மாற்றினார்: "கயிறு போட்ட மாடலுக்கு மட்டும்: பம்பு ஓடும்போதே இரண்டு நட்டுகளையும் சமமாக, சிறிது சிறிதாக இறுக்கவும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும் நிலையில் நிறுத்தவும். முழுதாக அடைக்க வேண்டாம்." மூலத்தில் இல்லாததைச் சேர்த்திருப்பதால், தயாரிப்பாளரிடம் ஒப்புதல் கேட்டு ஓரத்தில் குறிப்பும் எழுதி வைத்தார்.