ஒரே நாளில் பவுனுக்கு 800 ரூபாய் இறக்கம்! பயப்பட வேண்டுமா?

கும்பகோணத்தில் ஒரு தாய். மகளுக்குத் தை மாதம் கலியாணம். 5 பவுன் போட வேண்டும். நேற்று 3 பவுன் வாங்கிவிட்டார். பவுன் விலை 80,000 ரூபாய்.

இன்று காலைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: "தங்கம் அதிரடி சரிவு! பவுனுக்கு ரூ.800 குறைந்தது!"

"அண்ணே, 2,400 ரூபாய் போச்சே! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று தமையனிடம் கலங்கினார். தமையன் நகைக்கடையில் கணக்கு எழுதியவர்.

"80,000-ல் 800 எவ்வளவு? நூற்றுக்கு 1. அவ்வளவுதானம்மா. பவுன் 8,000 விற்ற காலத்தில் இதே இறக்கம் 80 ரூபாயாக இருந்திருக்கும். யாரும் தலைப்புப் போடமாட்டார்கள். விலை பத்து மடங்கானதால் 800 பெரிதாகத் தெரிகிறது" என்றார் அவர்.

ஏன் ஆடுகிறது?

தங்கத்தின் விலை உலகச் சந்தையில் டாலரில் பேசப்படுகிறது. நம் நாட்டுக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகையால் நம் ஊர் விலை இரண்டு கயிற்றில் தொங்குகிறது. ஒன்று, தங்கத்தின் டாலர் விலை. மற்றொன்று, டாலரின் ரூபாய் மதிப்பு.

டாலர் விலை ஆயிரத்துக்கு 7 இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றே டாலரும் ரூபாய்க் கணக்கில் ஆயிரத்துக்கு 3 மலிகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்துக்கு 10. அதுதான் நூற்றுக்கு 1! எங்கும் பெரிய விபரீதம் நடக்கவில்லை. அமெரிக்க வட்டி பற்றி ஒரு செய்தி வந்தாலே இவ்வளவு ஆடும்.

பெரும்பாலான நாட்களில் ஆட்டம் நூற்றுக்கு 1-க்குள் அடங்கிவிடும். மாதத்தில் சில நாட்கள் அதைத் தாண்டும். இன்று இறங்கியது, நாளை ஏறவும் கூடும்.

எது அசாதாரணம்?

2013 ஏப்ரல் 15-ந் தேதி உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் நூற்றுக்கு 9 அளவுக்கு விழுந்தது. அதுதான் சரிவு! 2024 ஜூலையில் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டது. அன்றும் நம் ஊர் விலை சட்டென்று இறங்கியது. சிறு இறக்கமே ஒரே திசையில் பல நாள் தொடர்ந்தாலும் கவனிக்க வேண்டும்.

"அப்படியானால் மீதி 2 பவுனை எப்போது வாங்குவது, அண்ணே?"

"நாளைய விலை யாருக்கும் தெரியாதம்மா. ஒரு பவுன் இந்த மாதம், ஒரு பவுன் அடுத்த மாதம் வாங்கு. ஒரு நாள் விலையில் முழுவதும் மாட்டமாட்டாய். ஆனால் சேதாரத்தைக் கேட்டு வாங்கு. ஒரு கடையில் 12 சதவீதம், இன்னொன்றில் 10. வித்தியாசம் பவுனுக்கு 1,600 ரூபாய். தலைப்பில் வந்ததைப் போல் இரண்டு பங்கு!"

தாய் பத்திரிகையை மடித்து வைத்தார். மறுநாள் மூன்று கடைகளில் சேதாரம் விசாரித்தார்.