ஒன்றா, ஏழா?

பயிர்ச் சேத நிவாரணம் கேட்டு ஒரு விவசாயி தந்த விண்ணப்பம். வங்கிக் கணக்கு எண்ணைப் பேனாவால் எழுதியிருக்கிறார். ஆறாவது இலக்கம் ஒன்று போலவும் இருக்கிறது, ஏழு போலவும் இருக்கிறது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டிய டேட்டா என்ட்ரி பணியாளரின் மேஜையில் நூறு படிவங்கள் கொண்ட கட்டு. மணி 4.40. கட்டு 5.30-க்குள் முடிய வேண்டும். அவர் இப்போது என்ன செய்வார்?

பயிற்சி வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: சந்தேகம் வந்தால் ஊகித்து அடிக்கக் கூடாது. விதி தெரியாமல் யாரும் ஊகிப்பதில்லை. நேரம் நெருக்கும்போது, யாரும் பார்க்காதபோது, விதியை மீறுவது சுலபமாக இருப்பதால்தான் ஊகிக்கிறார்கள். அந்த 4.40 மணியைத் திரையில் உண்டாக்கி, பணியாளரையே முடிவெடுக்கச் சொல்லி, அந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடுகிறதென்று காட்டுவதுதான் கிளைக்கதைப் பயிற்சி. ஒவ்வொரு தேர்வும் வேறொரு பாதையில் போகும். எந்த இடத்திலும் ஆசிரியர் குறுக்கிட்டு ‘தவறு’ என்று சொல்வதில்லை.

இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் நார்மன் கிரௌடர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1950-களில் அந்நாட்டு விமானப்படைக்காக, மின்னணுக் கருவிகளில் பழுது கண்டுபிடிக்கும் பயிற்சியில் அவர் வேலை செய்தார். அதே காலத்தில் ஸ்கின்னர் வடிவமைத்த கற்பிக்கும் இயந்திரங்கள், கற்பவர் தவறே செய்யாதபடி பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தன. கிரௌடர் தவறை விரும்பி வரவேற்றார். ஒருவர் எந்தத் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்தே அவர் எங்கே குழம்பியிருக்கிறார் என்று தெரிந்துவிடும், அந்தக் குழப்பத்துக்கென்று ஒரு தனிப் பக்கம் எழுதிவிடலாம் என்பது அவர் எண்ணம். அப்படி அவர் அச்சிட்ட புத்தகங்களில் பக்கங்கள் வரிசையாக ஓடா. இந்த விடை என்றால் இந்தப் பக்கத்துக்குப் போ, அந்த விடை என்றால் வேறு பக்கத்துக்குப் போ என்று இருக்கும்.

நம் படிவத்துக்கு வருவோம். பணியாளருக்கு நான்கு வழிகள். ஒன்று என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் காட்டிக் கேட்கலாம். இணைத்திருக்கும் பாஸ்புக் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்க்கலாம். படிவத்தைத் தனியே எடுத்து நிலுவையில் வைக்கலாம்.

ஊகித்து அடித்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. இதைக் கதையில் அப்படியே காட்ட வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு இலக்கம். மற்ற பதினொன்றில் ஒன்றே ஒன்றைத் தவறாக அடித்தாலும், அதைச் சரிபார்க்கும் மென்பொருள் உடனே கண்டுபிடித்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான அப்படியொரு ஏற்பாடு இல்லை. எண்ணின் நீளம்கூட வங்கிக்கு வங்கி மாறும். அதனால் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றையும் ஏற்கும், ஏழையும் ஏற்கும். பச்சை டிக் விழும், அடுத்த படிவம் வரும்.

விளைவு சில வாரங்கள் கழித்து வருகிறது. பெரும்பாலும், அப்படியொரு கணக்கே இல்லையென்று பணம் திரும்பி வந்து, தோல்வியடைந்த பரிமாற்றங்களின் பட்டியலில் ஒரு வரியாக உட்கார்ந்துகொள்ளும். விவசாயி அலுவலகத்துக்கு அலைவார், பணம் போட்டாயிற்று என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவார். சில சமயம் அந்த எண்ணில் வேறொருவருக்குக் கணக்கு இருக்கும். மின்னணுப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம், சரியான எண்ணைத் தரும் பொறுப்பு பணம் அனுப்புபவருடையது என்று ரிசர்வ் வங்கி 2010-ல் தெளிவுபடுத்தியது. பெயர் பொருந்தவில்லை என்பதால் பணம் நின்றுவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

கதை எழுதுபவர்களுக்கு இந்த இரண்டாவது விளைவின் மேல்தான் ஆசை வரும். அதை எல்லாக் கிளைகளிலும் வைத்தால் பணியாளர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் பல முறை ஊகித்திருப்பார்கள், அவற்றில் பல சரியாகவே அமைந்திருக்கும். ஊகிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்கும் அதுதான் காரணம். ஆகவே கதையில் மங்கலான படிவங்கள் மூன்று வரட்டும். முதல் இரண்டில் ஊகித்தவர் தப்பித்துக்கொள்ளட்டும், மூன்றாவதில் மாட்டட்டும்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பது பொறுப்பான செயலாகத் தோன்றும். ஆனால் அவர் பார்ப்பதும் அதே மங்கலான இலக்கத்தைத்தான். முக்கியமான விவரங்களைப் பல இடங்களில் இருவர் தனித்தனியாக அடிப்பார்கள், கணினி இரண்டையும் ஒப்பிடும். ஒருவர் ஒன்று என்றும் மற்றவர் ஏழு என்றும் அடித்திருந்தால் முரண்பாடு வெளியே வந்துவிடும். ‘இது என்னக்கா, ஒன்னா ஏழா?’ என்று கேட்டு இருவரும் ஒன்று என்றே அடித்துவிட்டால், அந்தச் சரிபார்ப்புக்காகச் செலவான உழைப்பு அத்தனையும் வீண். கதையில் இந்தக் கிளையின் விளைவு ஊகித்தவரின் விளைவேதான். கூடவே, இரண்டு பதிவும் ஒத்துப்போனதால் யாரும் மறுபடி பார்க்கவில்லை என்ற ஒரு வரி வரும்.

ஜெராக்ஸைப் புரட்டியவருக்கு இலக்கம் ஏழு என்று தெளிவாகத் தெரிகிறது. அதோடு புதிய சிக்கல் ஒன்றும் தெரிகிறது. பாஸ்புக் பழைய சிண்டிகேட் வங்கியுடையது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு SYNB என்று தொடங்குகிறது. அந்த வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. பழைய குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. முன்னால் CNRB போட்டு, பழைய கிளை எண்ணோடு 10000-ஐக் கூட்டினால் புதிய குறியீடு வந்துவிடும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். வங்கியே அறிவித்த வழிதான் அது. பணியாளர் தாமே மாற்றி அடிக்கலாமா? கிளையையே பிறகு வேறொன்றோடு சேர்த்திருந்தால் அந்தக் கணக்கும் பொய்க்கும். தாளில் உள்ளதை உள்ளபடி அடித்துக் குறிப்பு எழுதுவதா, வங்கியின் இன்றைய பட்டியலைப் பார்த்துத் திருத்துவதா என்பதை அலுவலகம்தான் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கிளையை எழுத உட்காரும்போதுதான் அப்படியொரு விதியே இல்லையென்று மேலாளருக்கும் தெரியவரும். பயிற்சி தொடங்கும் முன்பே கிடைக்கும் பயன் என்று இதைச் சொல்வேன்.

நிலுவையில் வைத்தவர் செய்தது சரி. ஆனால் அவருக்கு உடனே பாராட்டு கிடைத்துவிட்டால் கதை கெட்டுவிடும். 5.30-க்குச் சூப்பர்வைசர் வருகிறார். ‘என்னம்மா, நூறுக்குத் தொண்ணூத்தாறுதான் ஏறியிருக்கு?’ ‘நாலுல நம்பர் தெளிவா இல்ல சார், நிலுவையில வச்சிருக்கேன்.’ ‘பார்த்து ஏதாவது போட்டு முடிச்சிடும்மா, இன்னைக்கு ரிப்போர்ட் போகணும்.’ இங்கே அடுத்த தேர்வு. முதலில் சரியாக முடிவெடுத்தவர்களில் சிலர் இந்த இடத்தில் மனம் மாறுவார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பழகிக்கொள்ளவும் கதை இடம் தர வேண்டும்: ‘நாலு படிவத்தோட எண்ணையும் தனியா எழுதித் தர்றேன் சார், நிலுவைன்னு காட்டியே ரிப்போர்ட் அனுப்பிடலாம்.’

இத்தனை கிளைகளை எப்படிச் சமாளிப்பது? ஐந்து இடங்களில் மும்மூன்று வழிகள் வைத்து எதையும் ஒன்றுசேர்க்காமல் விட்டால், 243 முடிவுகளும் மொத்தம் 364 திரைகளும் எழுத வேண்டியிருக்கும். யாராலும் ஆகாது. அதனால் பாதைகள் பிரிந்த சற்று நேரத்தில் ஒரே திரைக்குத் திரும்பிவிடும். முன்பு என்ன செய்தார் என்பதை மட்டும் கதை நினைவில் வைத்திருக்கும். கிறிஸ் கிளைமாஸ் 2009-ல் வெளியிட்ட Twine என்ற இலவச மென்பொருளில் இதை யாரும் எழுதிப் பார்க்கலாம். முதல் திரை இப்படி இருக்கும்:

```
மணி 4.40. ஆறாவது இலக்கம் 1-ஆ, 7-ஆ?
[[1 என்று அடிக்கிறேன்->ஊகம்]]
[[பாஸ்புக் நகலைப் பார்க்கிறேன்->நகல்]]
[[நிலுவையில் வைக்கிறேன்->நிலுவை]]
```

‘ஊகம்’ என்ற திரையில் ஒரு எண்ணிக்கை ஏறும்:

```
(set: $guess to it + 1)
பச்சை டிக் விழுந்தது. [[அடுத்த படிவம்]]
```

பல திரைகள் கழித்து, சில வாரங்களுக்குப் பிறகு நடக்கும் காட்சியில் அது வெளியே வரும்:

```
(if: $guess > 0)[திரும்பி வந்த பணப் பட்டியலில் உங்கள் படிவம் இருக்கிறது.]
```

எழுதுவதற்கான விஷயம் தலைமை அலுவலகத்தின் விதிப் புத்தகத்தில் கிடைக்காது. திரும்பி வந்த பரிமாற்றங்களின் பட்டியலில்தான் கிடைக்கும். அதில் பத்து வரிகளை எடுத்து, மூலப் படிவங்களைத் தேடிப் பிடித்து, பணியாளர்களோடு உட்கார்ந்து, ‘இதை அன்னைக்கு எப்படிப் படிச்சீங்க?’ என்று கேட்க வேண்டும். தண்டனை வராது என்ற உறுதி இருந்தால்தான் உண்மையைச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களே தவறான கிளைகளாக வேண்டும். யாருமே தேர்ந்தெடுக்காத அசட்டுத்தனமான வழியை இடம் நிரப்ப வைத்தால் கதை ஒரு வினாத்தாள் ஆகிவிடும். முதல் முறை ஆடும்போது எல்லோருமே சரியான வழியில் போய்விட்டால், மற்ற வழிகளில் கவர்ச்சி இல்லை, திருப்பி எழுத வேண்டும் என்று அர்த்தம்.

பயிற்சி பலித்ததா என்பதைத் திரையில் கிடைத்த மதிப்பெண் சொல்லாது. அடுத்த சில வாரங்களின் உண்மையான கட்டுகளைப் பார்க்க வேண்டும். நிலுவையில் வரும் படிவங்கள் முன்பைவிடக் கொஞ்சம் கூடி, திரும்பி வரும் பணம் குறைந்திருந்தால் பலித்திருக்கிறது. நிலுவை மட்டும் மலையாக ஏறினால், பயந்துபோய் எல்லாவற்றையும் ஒதுக்குகிறார்கள் என்று பொருள். அதைத் தடுக்க, கோணல்மாணலாக எழுதியிருந்தாலும் ஐயமில்லாமல் படிக்கக்கூடிய ஒரு எண்ணையும் கதையில் வைக்க வேண்டும். அதை நிலுவையில் வைத்தவருக்கும் ஒரு விளைவு உண்டு. கிராம அலுவலர் அந்த விவசாயியைத் தேடிப் போகிறார், ‘நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்’ என்கிறார் விவசாயி, பணம் ஒரு தவணை தள்ளிப்போகிறது.

விரல் தடுமாறி 47-ஐ 74 என்று அடிப்பதை இந்தப் பயிற்சி தடுக்காது. அங்கே முடிவெடுத்தல் என்று எதுவும் நடப்பதில்லை, அடித்தவருக்கே அது தெரியாது. அதற்கு இருவர் தனித்தனியாக அடிக்கும் முறைதான் வேண்டும்.