நினைவுப் பதிவுக்குக் கீழே

2014 டிசம்பரில் ஃபேஸ்புக் தன் பயனாளர்களுக்கு அந்த ஆண்டின் படங்களைத் தானாகவே தொகுத்துக் காட்டியது. அமெரிக்க வலை வடிவமைப்பாளர் எரிக் மேயருக்கு வந்த தொகுப்பின் நடுவில் அவருடைய மகள் ரெபெக்காவின் முகம். சுற்றிலும் பலூன்கள், ஆட்டம் போடும் உருவங்கள். ரெபெக்கா மூளைப் புற்றுநோயால் அந்த ஜூன் மாதம்தான் இறந்திருந்தாள், சரியாக ஆறாவது பிறந்தநாளன்று. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, நிரலுக்கு அது தெரியாது என்று மேயர் நிதானமாகவே எழுதினார். ஃபேஸ்புக் தரப்பிலிருந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

நிரலுக்குத் தெரியாது, சரி. இறந்தவரையும் இருப்பவரையும் நன்றாகவே தெரிந்தவர்கள் நினைவுப் பதிவுகளுக்குக் கீழே எழுதுவதை என்னவென்று சொல்வது?

ஒரு பதிவைக் கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா போய் ஓராண்டு. மகள் பழைய படம் ஒன்றைப் போடுகிறாள். டிவிஎஸ் 50-ஐ அப்பா ஓட்ட, முன்னால் நின்றபடி ஒரு சிறுமி. "ஒரு வருஷம் ஆச்சுப்பா" என்று ஒரே ஒரு வரி. கீழே கருத்துகள் வந்து விழுகின்றன. "ஆழ்ந்த இரங்கல்." "ஐயோ, எப்போ? சொல்லவே இல்லையே!" "என்னம்மா ஆச்சு, ஹார்ட் அட்டாக்கா?" "அழக் கூடாது, தைரியமா இரு." "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாரு. ஐசியூவுல நான்தானே கூட இருந்தேன்." அதற்கும் கீழே ஒருவர் தன் தந்தை 2019-இல் இறந்த கதையைப் பன்னிரண்டு வரிகளில் எழுதியிருக்கிறார்.

ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஆனால் அந்த மகளின் இடத்திலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும். "எப்போ?" என்று கேட்டவர் பதிவைப் படிக்கவே இல்லை, ஓராண்டு கழிந்த பிறகு அவள் மறுபடி முதல் நாளின் செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஹார்ட் அட்டாக்கா?" என்ற கேள்வி இன்னும் சங்கடமானது, ஏனென்றால் அது நானூறு பேர் பார்க்கும் இடத்தில் கேட்கப்படுகிறது. மரணம் தற்கொலையாக இருக்கலாம். குடும்பம் வெளியே சொல்லாத நோயாக இருக்கலாம். அப்போது அவள் மௌனமாக இருந்தாலும், அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு ஊகிக்கத் தொடங்குவார்கள். காரணம் தெரிந்தே ஆக வேண்டியவர்கள் குடும்பத்துக்கு நெருக்கமான வேறொருவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

ஐசியூ கருத்து வேறு ரகம். அதில் கேள்வியே இல்லை. உண்மையாகவே உடனிருந்து உதவியவர் எழுதியது. ஆனால் மகள் தேர்ந்தெடுத்தது வண்டியோட்டும் அப்பாவை. அந்தப் படத்தின் மேல் மருத்துவமனைக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டார் அவர். பேரப்பிள்ளைகளும் மகளின் அலுவலக நண்பர்களும் படிக்கும் இடம் அது. நோயின் விவரம், கடைசி நேரத்துப் பேச்சு, கடன், குடும்பச் சண்டை இவையெல்லாம் எழுதுகிறவருக்கு நினைவாகவே இருந்தாலும், வெளியிடும் உரிமை குடும்பத்தினுடையது.

தன் அப்பாவின் கதையை எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "உன் வலி எனக்கும் தெரியும்" என்றுதான் அவர் சொல்ல வந்தார். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1979-இல் வெளியான தன் நூலில், உரையாடலில் நாம் தரும் பதில்களை இரண்டாகப் பிரித்தார்: பேசுபவரின் விஷயத்திலேயே நிற்பவை, பேச்சை நம் பக்கம் திருப்பிவிடுபவை. பன்னிரண்டு வரிகள் இரண்டாவது ரகம். அதற்காகச் சொந்த இழப்பைச் சொல்லவே கூடாது என்பதில்லை. "எங்க அப்பா போன முதல் வருஷமும் இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு வரி எழுதினால் அது துணை. கருத்து முடியும்போது யாருடைய அப்பா மனதில் நிற்கிறார் என்று பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்பது தெரிந்துவிடும்.

உளவியலாளர் சூசன் சில்க், பேரி கோல்ட்மேனுடன் சேர்ந்து 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் இதற்கு ஒரு வழி எழுதினார். துயரத்தின் நடுவில் இருப்பவரை ஒரு சிறு வட்டத்துக்குள் வையுங்கள். அடுத்த வட்டத்தில் நெருங்கிய உறவு, அதற்கடுத்து நண்பர்கள், பிறகு தெரிந்தவர்கள். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும், புலம்பல் வெளிநோக்கிப் போக வேண்டும். ஐசியூவில் நின்றவருக்கும் மனபாரம் உண்டு. அதை இறக்கிவைக்கும் இடம் மகளின் பதிவு அல்ல, தனக்கு வெளியே இருக்கும் வட்டத்தில் ஒரு நண்பர்.

சரி, எதைத்தான் எழுதுவது? மேயர் குடும்பத்துக்கே திரும்பலாம். ரெபெக்காவுக்குப் பிடித்த நிறம் ஊதா. அவள் இறந்த சில நாட்களில் அவருடைய துறைசார்ந்த நண்பர்கள், இணையப் பக்கங்களுக்கு நிறம் சொல்லப் பயன்படும் சிஎஸ்எஸ் மொழியில் `#663399` என்ற ஊதாவுக்கு அவள் பெயரை வைக்க முன்வந்தார்கள். முதலில் யோசித்தது 'பெக்கா' என்ற செல்லப் பெயரை. மேயர் சம்மதித்தார், ஆனால் ஒரு திருத்தத்தோடு. ஆறு வயதானால் தான் பெரிய பெண், அதன்பின் எல்லோரும் ரெபெக்கா என்றே கூப்பிட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் அவள் ஆறு வயதுக்காரியாக இருந்தாள். அதனால் அந்த நிறம் இன்றும் `rebeccapurple`. நண்பர்கள் பொதுவான இரங்கலோடு நிற்காமல், அந்தக் குழந்தைக்கே உரிய ஒன்றைப் பிடித்தார்கள். இறுதி வார்த்தையைக் குடும்பத்திடம் விட்டார்கள்.

டிவிஎஸ் 50 படத்துக்குக் கீழே அதே வேலையை ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வரியில் செய்யலாம். "மழை பெஞ்சாலும் ஆறரைக்கு உங்க அப்பா கடை திறந்திருக்கும். நோட்டு வாங்கப் போனா ஒரு பென்சில் சும்மா கொடுப்பாரு." மகளுக்கே தெரியாத அப்பா ஒருவர் அந்த வரிகளில் கிடைக்கிறார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி எதுவும் அதில் இல்லை. அப்பாவைத் தெரியாதவர்கள் படத்தைப் பற்றியே எழுதலாம்: "ஹேண்டிலை எவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்கே!" அதுவும் வரவில்லையென்றால், "இன்னிக்கு உன்னை நினைச்சுக்கிட்டேன், பதில் போட வேண்டாம்" போதும். துக்க வீட்டில் நாம் "போயிட்டு வரேன்" சொல்லாமல் எழுந்து வருவதும் கிட்டத்தட்ட இதுதான்: வழியனுப்பும் வேலையைக்கூட அந்த வீட்டுக்கு வைப்பதில்லை.

நலம் விசாரிக்க விரும்பினால் தனிச் செய்தி நல்லது. ஃபேஸ்புக்கின் உயர் அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க், 2015-இல் கணவர் இறந்து ஒரு மாதமானபோது எழுதிய பதிவில், "எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்வி தன்னைக் கத்தவைக்கப் பார்த்ததாகவும், "இன்று எப்படி இருக்கிறாய்?" என்பது தாங்கக்கூடியதாக இருந்ததாகவும் சொன்னார். இரண்டாவதைக் கேட்பவருக்கு, அந்தந்த நாளைக் கடப்பதே பெரிய காரியம் என்பது புரிந்திருக்கிறது.

ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டவர்கள் கருத்தைத் திருத்துவதைவிட அழித்துவிடலாம். ஃபேஸ்புக்கில் திருத்திய கருத்தின் பழைய வடிவத்தையும் மற்றவர்கள் திறந்து பார்க்க முடியும். அந்தப் பதிவு அடுத்த ஆண்டு இதே நாளில் 'மெமரீஸ்' வழியாக மகளின் கண்முன் மறுபடி வரலாம். திறந்தால் கருத்துகளும் அங்கேயே இருக்கும். அவளே உங்கள் கருத்தை நீக்கியிருந்தால், ஏன் நீக்கினாய் என்று கேட்டு இன்னொரு செய்தி அனுப்ப வேண்டாம்.