டி சோதனை

டி சோதனை என்பது, ஸ்டெபிலோகாக்கசு ஆரியசு பாக்டீரியாவில் மறைந்திருக்கும் தூண்டப்படக்கூடிய கிளிண்டாமைசின் எதிர்ப்பைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை ஆகும். எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பும் கிளிண்டாமைசினுக்கு உணர்திறனும் காட்டும் பாக்டீரியாக்களுக்கே இது தேவைப்படுகிறது.

அடிப்படை

இவ்வகைப் பாக்டீரியாவில் உள்ள எர்ம் மரபணுவை எரித்ரோமைசின் தூண்டுகிறது. அதனால் உருவாகும் நொதி, ரைபோசோமில் கிளிண்டாமைசின் பிணையும் இடத்தை மாற்றிவிடுகிறது. கிளிண்டாமைசின் தனித்து வலுவாகத் தூண்டாததால், வழக்கமான சோதனையில் எதிர்ப்பு வெளிப்படுவதில்லை.

செய்முறை

0.5 மெக்ஃபார்லாந்து கலங்கல் அளவுள்ள பாக்டீரியாக் கரைசல் முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் சீராகப் பூசப்படுகிறது. 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் வில்லையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் வில்லையும் அடுத்தடுத்து, விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைக்கப்படுகின்றன. வில்லையின் விட்டம் ஏறத்தாழ 6 மி.மீ. என்பதால், மையத்திற்கு மையம் இது 21 முதல் 32 மி.மீ. ஆகும். வில்லைகள் மிகவும் விலகியிருந்தால், எரித்ரோமைசின் போதிய அளவு பரவாமல் எதிர்ப்பு தவறவிடப்படலாம். தட்டு 35° செல்சியசில் 16 முதல் 18 மணி நேரம் வைக்கப்படுகிறது.

முடிவை அறிதல்

எடுத்துக்காட்டாக, எரித்ரோமைசின் வளையம் 10 மி.மீ., கிளிண்டாமைசின் வளையம் 24 மி.மீ. எனில், அளவை மட்டும் கொண்டு கிளிண்டாமைசினுக்கு உணர்திறன் உள்ளது என்றே கூறத் தோன்றும். ஆனால் எரித்ரோமைசினை நோக்கிய பக்கத்தில் வளையம் தட்டையாகி, ஆங்கில எழுத்து 'டி' போலத் தோன்றினால், கிளிண்டாமைசின் எதிர்ப்பு உள்ளது என அறிக்கையிட வேண்டும். இல்லையெனில் சிகிச்சை தோல்வியுறக்கூடும். கிளிண்டாமைசின் வளையத்தினுள் மங்கலான வளர்ச்சி இருந்தால், தட்டையாகாவிடினும் அது எதிர்ப்பே. இரண்டும் இன்றி வளையம் முழு வட்டமாக இருந்தால், எரித்ரோமைசின் எதிர்ப்புக்குப் பெரும்பாலும் அதனை வெளியேற்றும் புரதமே காரணம், கிளிண்டாமைசின் பயன்படும்.