நானூறு பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவர் நின்றார்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். கணக்குப் பிரிவுக்கு உதவியாளர்கள் வேண்டும். டேலியில் பில் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பழக்கம் வேண்டும், தினமும் வந்துபோகும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். எச்.ஆர். பிரிவில் இருப்பவர் இரண்டு வேலைவாய்ப்புத் தளங்களில் விளம்பரம் கொடுக்கிறார். இரண்டு வாரம் கழித்து முதலாளி கேட்கிறார்: "எதுல போட்டது லாபம்?"

பார்த்தால் எளிய கேள்வி. ஆனால் கணக்கை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதைப் பொறுத்து விடை மாறிவிடும். நிறுவனமும் எண்களும் இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்துக்கொண்டவை. ஆள் எடுத்துப் பழகியவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

முதல் தளத்தில் விளம்பரத்துக்கு 8,000 ரூபாய். வந்த விண்ணப்பங்கள் 400. ஒன்றுக்கு 20 ரூபாய். இரண்டாவது தளத்தில் 15,000 ரூபாய் கட்டியும் 50 விண்ணப்பங்கள்தான் வந்தன. ஒன்றுக்கு 300 ரூபாய். தளங்கள் தங்கள் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். இதோடு நிறுத்தினால் முதல் தளம் பதினைந்து மடங்கு மலிவு.

சேர்ந்த ஆள் ஒருவருக்கு ஆன செலவைக் கணக்கிட அமெரிக்காவின் மனிதவள அமைப்பான எஸ்.எச்.ஆர்.எம். 2012-ல் ஒரு தேசியத் தர வரையறையைக் கொண்டுவந்தது. வெளியே கொடுத்த பணத்தையும் உள்ளே ஆன செலவையும் கூட்டி, வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் ஊரில் அடிக்கடி விட்டுப்போவது அந்த உள்செலவு. "எச்.ஆருக்குத்தான் மாசச் சம்பளம் கொடுக்கிறோமே" என்பார்கள். ஆனால் அவருடைய நேரத்தை இந்தக் குவியல் தின்றால் வேறு எந்த வேலையோ கிடப்பில் கிடக்கிறது.

அதையும் சேர்த்துப் பார்ப்போம். எச்.ஆர். ஊழியரின் சம்பளம் மாதம் 30,000, வேலை நேரம் 200 மணி என்றால் மணிக்கு 150 ரூபாய். ஒரு விண்ணப்பத்தைப் படிக்க மூன்று நிமிடம். நானூறுக்கு இருபது மணி நேரம், 3,000 ரூபாய். தேறியவர்கள் 60 பேர். கூப்பிட்டு, எடுக்காமல் போய், மறுபடி கூப்பிட்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று இன்னொரு 1,500 ரூபாய். நேர்காணலுக்கு வருவதாகச் சொன்னவர்கள் 30, வந்தவர்கள் 12. கணக்கு மேலாளரின் நேரம் மணிக்கு 400 ரூபாய், ஆளுக்கு முக்கால் மணி என்றால் 3,600. ஐந்து பேருக்கு ஆஃபர் கொடுத்ததில் மூவர் சேர்ந்தார்கள். மொத்தம் 16,100 ரூபாய், சேர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய 5,370.

இரண்டாவது தளத்தில் 50 விண்ணப்பங்களில் 20 தேறின. நேர்காணலுக்கு ஒப்புக்கொண்ட 14 பேரில் 10 பேர் வந்தார்கள். அங்கிருந்தும் மூவர் சேர்ந்தார்கள். படித்ததற்கு 375, போனுக்கு 500, நேர்காணலுக்கு 3,000, விளம்பரத்துக்கு 15,000. மொத்தம் 18,875, ஆளுக்கு 6,290 சொச்சம். பதினைந்து மடங்காக இருந்த வித்தியாசம் ஆயிரம் ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஆனாலும் முதல் தளம்தான் இன்னும் மலிவு.

மூன்று மாதம் போகட்டும். முதல் தளத்தில் வந்த மூவரில் ஒருவர்தான் இருக்கிறார். இரண்டாவதில் வந்த மூவரில் இருவர். இப்போது நிலைத்த ஆள் ஒருவருக்கு ஆன செலவு முதல் தளத்தில் 16,100, இரண்டாவதில் சுமார் 9,440. விடை தலைகீழாகிவிட்டது.

இங்கே வெற்றிக்கொடி நாட்டிவிடக் கூடாது. பலரும் சறுக்கும் இடம் இது. முதல் தளத்தில் வந்தவர்களில் இன்னும் ஒருவர் தங்கியிருந்தால் அந்தச் செலவு 8,050-ஆகி, தீர்ப்பு மறுபடி புரண்டிருக்கும். ஒருவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டதை வைத்து ஒரு தளத்தைக் கைகழுவ முடியுமா? மூன்று பேரை வைத்துச் சொல்லும் விடைக்கு ஆயுள் குறைவு. ஒரு வருடத்தில் எடுத்தவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கடைசி எண்ணை நம்பலாம்.

அதுவரை கொஞ்சம் மேலே, எண்ணிக்கை அதிகமாக இருக்கும் படிகளைப் பார்ப்பது நல்லது. 400-ல் 60 தேறியது என்றால் 15 சதவீதம். 50-ல் 20 என்றால் 40 சதவீதம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையில் வந்தவர்கள் முதல் தளத்தில் நூற்றுக்கு 40, இரண்டாவதில் 71. ஓர் ஆள் கூடக் குறைய இந்த வித்தியாசங்கள் அழிந்துவிடாது. விண்ணப்பதாரரின் தரம் முதலில் தெரிவது இங்கேதான்.

ஆனால் 'தேறியவர்' என்பதை யார் முடிவு செய்வது? விளம்பரம் போகும் முன்பே இன்றியமையாத மூன்று தகுதிகளை எழுதி வைத்துவிட வேண்டும். விண்ணப்பம் எந்தத் தளத்தில் வந்தது என்பதை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும்; "அந்த ஆப்ல வர்றதெல்லாம் குப்பை" என்ற எண்ணம் கண்ணில் ஏறிவிட்டால் நல்ல விண்ணப்பமும் குப்பையாகத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. முதல் எண்பதைப் படித்த கவனம் முந்நூற்று எண்பதாவதில் யாருக்கும் இருக்காது. ஒதுக்கியவற்றிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாற்பதை உருவி, வேறொருவரிடம் படிக்கக் கொடுங்கள். அதில் நாலைந்து நல்லவை கிடைத்தால், அளந்தது தளத்தின் தரத்தை அல்ல, நம் களைப்பை.

மலிவான குவியலுக்குத் தளத்தை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. வேலை தேடுபவர் ஒரே தொடுதலில் விண்ணப்பிக்கலாம் என்றால் ஊர், சம்பளம் எதையும் பார்க்காமல் தொட்டுவிட்டுப் போகிறார். "கணக்காளர் தேவை, நல்ல சம்பளம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பள வரம்பு, வேலை செய்யும் இடம், நேரம் மூன்றையும் போட்டு, "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நீங்களே தாக்கல் செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு கேள்வியையும் வைத்தால் விண்ணப்பங்கள் குறையும், தேறும் விகிதம் கூடும். பத்துக் கேள்வி வைத்தால் நல்லவர்களும் பாதியில் போய்விடுவார்கள். சொடுக்குக்குக் காசு வாங்கும் தளத்தில், பொருந்தாதவர் வந்து எட்டிப் பார்த்தாலும் அது நம் பணம்தான். அங்கே தெளிவில்லாத விளம்பரம் நேரடி நஷ்டம்.

யாரால் வந்தார் என்பதிலும் குழப்பம் வரும். ஒருவர் முதல் தளத்தில் பார்த்திருப்பார், இரண்டாவதில் விண்ணப்பித்திருப்பார், கடைசியில் நம்மிடம் வேலை பார்க்கும் சித்தப்பா பையனைக் கேட்டுவிட்டு நேரில் வந்திருப்பார். இரண்டு பட்டியலிலும் இருப்பவரை இரண்டு தடவை எண்ணாமலிருக்க, கைபேசி எண்ணை வைத்து ஒப்பிட்டாலே போதும். முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டுக் குறித்துக்கொள்வதும் உதவும்.

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் வேண்டாம். ஓர் எக்ஸெல் தாளில் ஆளுக்கு ஒரு வரி: எந்தத் தளம், தேறினாரா, வந்தாரா, சேர்ந்தாரா, தொண்ணூறாம் நாள் இருக்கிறாரா. அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் யாரும் நிரப்புவதில்லை, ஏனென்றால் அதற்குள் அடுத்த விளம்பரம் போயிருக்கும். அடுத்த முறை பணம் கட்டுவதற்கு முன், போன முறை சேர்ந்தவர்களின் பெயர்களை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.