நான்கு போர்ட், இரண்டில்தான் வேகம்

டிவியின் பின்புறம் இருக்கும் நான்கு எச்டிஎம்ஐ போர்ட்களும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிளேஸ்டேஷன் 5-ஐ ஒன்றில் செருகினால் 4கே படம் நொடிக்கு 120 பிரேம் ஓடும். பக்கத்துப் போர்ட்டில் அதுவே 60-ஐத் தாண்டாது.

ஒரு 4கே பிரேமில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அதை நொடிக்கு 60 முறை அனுப்பவே எச்டிஎம்ஐ 2.0 தரும் 18 ஜிகாபிட் வேகம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். 2017-ல் வெளியான 2.1 தரம் அந்த உச்சவரம்பை 48 ஜிகாபிட்டாக உயர்த்தியது. முன்பு கேபிளில் மூன்று ஜோடிக் கம்பிகள் படத்தைச் சுமந்தன. நான்காவது ஜோடி நேரக்கணக்கை மட்டும் அனுப்பியது. புதிய முறையில் நான்குமே படத்தைச் சுமக்கின்றன, அதுவும் கூடுதல் வேகத்தில். செருகும் வாய் மாறவில்லை. அதனால்தான் கண்ணால் பார்த்து வேறுபாடு தெரிவதில்லை.

இந்த வேகத்தில் வருவதை வாங்கிக்கொள்ளும் பகுதி டிவியின் சிப்பில் இருக்க வேண்டும். பல டிவிகளின் சிப்பில் அப்படிப்பட்ட வழிகள் இரண்டுதான். செட்டாப் பாக்ஸுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை என்பதால் தயாரிப்பாளர்களும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்ஜி சி2 போன்ற சில மாடல்களில் நான்கு போர்ட்டும் வேகமானவை.

சோனியின் எக்ஸ்90ஜே டிவியில் 3, 4 ஆகிய இரண்டு போர்ட்கள்தான் 120 ஹெர்ட்ஸ் ஏற்கும். சவுண்ட்பாருக்கான இஏஆர்சி வசதியும் 3-ஆம் போர்ட்டில்தான். சவுண்ட்பார் அங்கே போனால் கன்சோலுக்கு 4 மட்டும் மிச்சம். டிவியை மாட்டியபோது அதில் செட்டாப் பாக்ஸைச் செருகியிருந்தால், அதை 1-க்கு மாற்றிவிடலாம். படத்தில் எந்தக் குறையும் வராது.

வாங்கும்போது பெட்டியில் ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தரத்தின் பல வசதிகள் கட்டாயமல்ல; 120 ஹெர்ட்ஸ் இல்லாமலும் அந்தப் பெயர் வரலாம். பல டிவிகளில் போர்ட்டின் அருகிலேயே `4K 120Hz` என்று அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் கையேட்டில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டிவியின் திரையே 60 ஹெர்ட்ஸ் என்றால் எந்தப் போர்ட்டாலும் 4கே 120 கிடைக்காது. ‘மோஷன் ரேட்’ என்று பெரிய எண் போட்டிருப்பது திரையின் உண்மையான வேகம் அல்ல.

சரியான போர்ட்டில் செருகியும் 60-லேயே நின்றால், டிவி அமைப்பில் அந்தப் போர்ட்டின் சிக்னலைப் பாருங்கள். சோனியில் `HDMI signal format`, சாம்சங்கில் `Input Signal Plus` என்ற பெயரில் அது இருக்கும். அடுத்து கேபிள்: `Ultra High Speed` என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். கடைசியாக, 120 பிரேம் தரும் விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, கன்சோலின் வீடியோ அவுட்புட் பகுதியில் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.