தைரியம் சொன்னால் பயம் தீருமா?

நெஞ்சு வலி என்று ஓடி வருகிறவரிடம், "உங்களுக்கு ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள்" என்று சொல்வது கருணையான காரியம்தான். சாதாரண மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையே போதும். ஆனால் நோய் அச்சம் பிடித்தவருக்கு அதே வார்த்தை பயத்தை வளர்க்கும் தீனியாகி விடுகிறது.

இதை விளக்கமாக எடுத்துரைத்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலாரி வார்விக் ஆகிய இருவர். 1986-ல் வெளியான அவர்களுடைய கட்டுரைக்குப் பிறகு, 'காக்னிடிவ் பிஹேவியர் தெரபி' எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சையில் நோய் அச்சத்துக்குத் தனி இடம் கிடைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மருத்துவ உளவியல் பயிலும் இளைஞர்கள் நோய் அச்சம் உள்ளவரைச் சந்திக்கும்போது, அவர் யாரிடம், எதற்காக, எத்தனை முறை தைரியம் கேட்கிறார் என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

ஒரு மாதிரி நோயாளி

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். வயது 38. பீன்யா தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். சேலத்துப் பக்கம் சொந்த ஊர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணன் 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். முதல் நாள் வந்த வலியை "வாயுத் தொல்லை" என்று எல்லோரும் தள்ளி விட்டார்கள். இந்தச் சாவு தம்பியின் மனதில் இரண்டு விதிகளை எழுதி விட்டது. சின்ன வலியை அலட்சியம் செய்தால் உயிர் போகும் என்பது ஒன்று. டாக்டர்களும் தவறுவார்கள் என்பது மற்றொன்று.

அண்ணனுக்கு இளம் வயதில் வந்த மாரடைப்பு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய விஷயம். ஆகவே இதய நிபுணர் ஒருவர் ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈ.சி.ஜி., டிரெட்மில் பரிசோதனை எல்லாம் ஒழுங்காகப் பார்த்து, கோளாறு இல்லை என்று முடிவு சொல்லியிருக்கிறார். இந்தப் படியைத் தாண்டாமல் மனநல சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

கணக்கெடுக்க வேண்டியது என்ன?

ஒரு வாரத்துக்கு அவர் ஒரு நோட்டில் குறித்து வருகிறார். என்ன கேட்டார், யாரிடம் கேட்டார், கேட்பதற்கு முன் "இது மாரடைப்புதான்" என்ற நம்பிக்கை நூற்றுக்கு எத்தனை, பதில் கிடைத்ததும் எத்தனை, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை, அடுத்து எழுந்த சந்தேகம் என்ன என்பவை அந்த நோட்டின் பத்திகள்.

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் கதை தெளிவாகிறது. மனைவியிடம் 31 முறை கேட்டிருக்கிறார். செல்போனில் 9 முறை தேடியிருக்கிறார். மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனரை 4 முறை அழைத்திருக்கிறார். ஒரு முறை புதிதாக ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார். மனைவி "ஒன்றுமில்லை" என்றதும் 70 என்ற நம்பிக்கை 20 ஆகிறது. ஒரு மணி நேரத்தில் மீண்டும் 60. ஈ.சி.ஜி. தந்த நிம்மதி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள், "ஈ.சி.ஜி. எடுத்த நேரத்தில் வலி இல்லையே, அதனால்தான் தெரியவில்லையோ?" என்ற புதுச் சந்தேகம் முளைத்து விட்டது.

தகவல் கேட்பதற்கும் தைரியம் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் பிடிபடும். தகவல் கேட்கிறவர் பதில் கிடைத்ததும் நிறுத்தி விடுவார். தைரியம் கேட்கிறவர் பதில் தெரிந்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார். சில சமயம் அது மாறுவேடத்திலும் வரும். "இன்று என் முகம் வெளிறியிருக்கிறதா?" என்பதும் அதே கேள்விதான்.

சங்கிலியை வரைதல்

அடுத்தது, இவற்றை ஒரே தாளில் சங்கிலியாக வரைவது. இதைச் சிகிச்சையாளர் தனியாக வீட்டில் எழுதக் கூடாது. நோயாளியும் அவருமாகச் சேர்ந்து எழுத வேண்டும்.

தாளின் மேலே அண்ணனின் மரணமும் அதில் பிறந்த இரண்டு விதிகளும். அதன் கீழே தூண்டுதல்: நைட் ஷிப்ட் முடிந்து மாடிப்படி ஏறும்போது இடது மார்பில் ஒரு சுருக். அடுத்து அதற்கு அவர் கொடுக்கும் பொருள்: "அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்து விட்டது." உடனே பயம். பயத்தால் படபடப்பும் வேக மூச்சும், மூச்சு வேகத்தால் நெஞ்சு இறுக்கமும் வருகின்றன. அவையே புதிய சாட்சிகளாகி விடுகின்றன.

பயத்தைத் தணிக்க அவர் செய்பவை தாளின் அடியில். நாடியை எண்ணுகிறார். வலித்த இடத்தை அழுத்திப் பார்க்கிறார். பலமுறை அழுத்தியதால் அந்த இடம் கன்றிப் போய் மேலும் வலிக்கிறது. மாடிப்படியைத் தவிர்க்கிறார். மனைவியைக் கேட்கிறார். ஒவ்வொன்றிலிருந்தும் "மாரடைப்பு" என்ற கட்டத்துக்கு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போகிறது. கேட்டதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கெழுதுவதால், கேட்காமல் இருந்தாலும் ஒன்றும் நேராது என்பதை அவர் அறியவே முடிவதில்லை.

சோதித்துப் பார்த்தல்

இப்போது இரண்டு விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஒன்று, அவருக்கு இதய நோய் இருக்கிறது. மற்றொன்று, இதய நோய் பற்றிய பயம் இருக்கிறது. எது உண்மைகளோடு அதிகம் பொருந்துகிறது என்று வாதாடுவதை விடச் சோதிப்பதே மேல்.

முதல் சோதனை அழுத்திப் பார்ப்பது. சிகிச்சையாளர் தம் விலா எலும்பிலும் ஒரே இடத்தை நாள் முழுவதும் அவ்வப்போது அழுத்தி வருகிறார். மறுநாள் அவருக்கும் வலிக்கிறது. நோயாளி ஒருநாள் விட்டு ஒருநாள் அழுத்தாமல் இருந்து வலியை ஒப்பிடுகிறார்.

இரண்டாவது, தைரியம் கேட்பதைப் பற்றியது. "இப்போது நான் சொல்லும் தைரியம் இந்த ஆண்டு முழுவதும் தாங்குமென்றால் எவ்வளவு நேரமானாலும் சொல்கிறேன். தாங்குமா?" என்று சிகிச்சையாளர் கேட்கிறார். "சாயங்காலம் வரை கூடத் தாங்காது, சார்" என்ற பதில் நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும். அதன் பிறகே மனைவியை அழைத்துப் பேச வேண்டும். "ஏங்க, பயமா இருக்குன்னு தெரியுது. ஆனா பேசி வச்சபடி இதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை. வாங்க, கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று சொல்ல அவர் பழகுகிறார். கணவரின் சம்மதத்தோடு செய்தால்தான் இது சிகிச்சை, இல்லாவிட்டால் தண்டனை.

முதல் சில நாட்கள் பயம் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே இருவரும் கைவிட்டு விடுவார்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம்

சிகிச்சையாளரே புதிய தைரிய வியாபாரியாகி விடுவதுதான் பெரிய சறுக்கல். ஒவ்வொரு வாரமும் புதிய வலியை நோயாளி விவரிப்பதும், இவர் "அது தசை வலிதான்" என்பதும் வழக்கமானால், மனைவியின் நாற்காலியில் இவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். வெளியே போகும்போது நோயாளி நிம்மதிப் பெருமூச்சு விட்டு, அடுத்த வாரம் அதே எண்களோடு நோட்டைக் கொண்டு வந்தால் இதைக் கண்டுகொள்ளலாம்.

அதற்காக டாக்டரிடம் போவதையே தடுத்து விடக் கூடாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும் என்பதை இதய நிபுணரே எழுதித் தர வேண்டும். வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத வலி இவற்றுக்கு நோட்டும் பேனாவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

இங்கிலாந்தின் பொது ஆஸ்பத்திரிகளில் 444 நோயாளிகளிடம் நடந்து, 2014-ல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், 5 முதல் 10 அமர்வு வரையிலான இச்சிகிச்சையின் பலன் இரண்டு ஆண்டு வரை நீடித்தது. எல்லோரும் முழுக்கக் குணமாகவில்லை. ஆனால் சிகிச்சை தந்தவர்களில் பலர் இதற்கென்று புதிதாகப் பயிற்சி பெற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நமது மாதிரி நோயாளிக்கும் வலி அடியோடு நிற்கப் போவதில்லை. 31 என்பது 4 ஆகி, சுருக்கென்றதும் நின்று விடாமல் அவர் மிச்சப் படிகளை ஏறிப் போனால் சிகிச்சை வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.